நட்டத்தை நிறுத்தும் ஆர்டர் எதைப் பார்த்துப் பாய்கிறது?

ஒரு ஆப்ஷனை விற்று, அதைவிட மலிவான இன்னொன்றை வாங்கி, மிச்சத்தைக் கையில் பெறுவது கிரெடிட் ஸ்பிரெட். அதைப் பாதி லாபத்தில் மூடும் ஆர்டரைப் புதியவர்களும் சரியாகவே போட்டுவிடுகிறார்கள். நட்டத்தை நிறுத்தப் போடும் ஆர்டரில்தான் பணம் போகிறது. அதில் இந்த நான்கு தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது எரிச்சலாக இருக்கிறது.

அலர்ட் மட்டும் வைத்துவிட்டுத் தூங்குவது

அமெரிக்கச் சந்தை மூடும்போது இங்கே சிங்கப்பூரில் விடிகாலை 4 மணி, குளிர்காலத்தில் 5 மணி. ஆர்டரே போட்டு வையுங்கள்.

ஸ்பிரெட்டின் விலையைப் பார்த்துப் பாயும் மார்க்கெட் ஆர்டர்

தேக்கா கோப்பிக் கடையில் ஒரு தம்பி போனை நீட்டினார். "அண்ணே, பங்கு அசையவே இல்லை. எனக்கு மட்டும் எப்படி 150 டாலர் நட்டம்?"

பங்கு 106-இல் இருந்தபோது 100 புட்டை விற்று, 95 புட்டை வாங்கியிருந்தார். கிடைத்தது பங்குக்கு 1.20, அதாவது ஒரு கான்ட்ராக்டுக்கு 120 டாலர். லாபத்துக்கு 0.60-இல் லிமிட், நட்டத்துக்கு 2.40-இல் ஸ்டாப். மறுநாள் இரவு 9:30-க்குச் சந்தை திறந்தது. முதல் சில நிமிடங்களில் ஆப்ஷன்களின் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும். 100 புட் 2.60 / 4.00, 95 புட் 1.30 / 2.70. நடுவிலைப்படி ஸ்பிரெட் 1.30தான். ஆனால் அந்த நொடியில் மூடவேண்டுமென்றால் 4.00-க்கு வாங்கி 1.30-க்கு விற்கவேண்டும், அதாவது 2.70. அவருடைய ஸ்டாப் அந்த விலையைப் பார்த்துப் பாய்ந்தது, மார்க்கெட் ஆர்டர் என்பதால் 2.70-க்கே மூடியது. கால் மணி நேரத்தில் இடைவெளி சுருங்கி, அதே ஸ்பிரெட் 1.30-க்குக் கிடைத்தது. 10 டாலர் நட்டத்தில் முடிந்திருக்க வேண்டியது அது.

பங்கின் விலையை நிபந்தனையாக வையுங்கள். பங்கு 101-க்குக் கீழே வியாபாரமானால் மட்டும் ஸ்பிரெட்டை மூடு, அதுவும் லிமிட் ஆர்டராக, சந்தை திறந்து 15 நிமிடம் கழித்து. நேரத்தை நியூயார்க் நேரப்படி 9:45 என்று கொடுங்கள். நவம்பரில் நம் கடிகாரப்படி திறக்கும் நேரம் 10:30-க்கு மாறும்போது, சிங்கப்பூர் நேரத்தில் எழுதிய விதி சந்தை திறக்கும் முன்பே விழித்துக்கொள்ளும்.

இதற்கும் எல்லை உண்டு. பங்கு ஒரே இரவில் 94-க்கு விழுந்து திறந்தால் எந்த ஸ்டாப்பும் உதவாது, லிமிட் ஆர்டரும் நிறைவேறாமல் நிற்கலாம். அப்போது காப்பாற்றுவது வாங்கி வைத்த 95 புட் மட்டுமே. அதிகபட்ச நட்டம் 380 டாலர். எத்தனை கான்ட்ராக்ட் என்பதை இந்த 380-ஐ வைத்து முடிவு செய்யுங்கள், 2.40-ஐ வைத்து அல்ல.

DAY ஆர்டர்

அன்றிரவோடு செத்துவிடும். நீங்களே ரத்து செய்யும்வரை நிற்கும் GTC போடுங்கள்.

இரண்டு ஆர்டரையும் இணைக்காமல் விடுவது

லாப ஆர்டர் நிறைவேறியதும் நட்ட ஆர்டர் தானாக ரத்தாக வேண்டும்; அதற்குத்தான் OCO. இல்லாவிட்டால் அடுத்த வாரம் பங்கு 101-க்குக் கீழே போகும்போது, இல்லாத ஸ்பிரெட்டை மூடப் போய்ப் புதிதாக ஒன்றை வாங்கி வைத்துவிடும்.