காலையில் திடீர்க் காய்ச்சல்: மேனேஜருக்கு லீவு மெயில் எழுதுவது எப்படி?

நேற்று இரவு நன்றாகத்தான் இருந்தீர்கள். காலை ஆறே முக்காலுக்கு எழுந்தால் தலையைத் தூக்க முடியவில்லை, உடம்பு கொதிக்கிறது. ஒன்பதரைக்கு ஆபீஸ். இந்த நிலையில் மேனேஜருக்கு என்ன எழுதுவது, எதை முதலில் எழுதுவது என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களின் லீவு மெயிலில் பெரும்பகுதி நோயைப் பற்றியே இருக்கும். எப்போது ஆரம்பித்தது, எத்தனை முறை வாந்தி, என்ன மாத்திரை என்று நீளும். நம்பமாட்டார்களோ என்ற பயம்தான் காரணம். ஆனால் அந்த மெயிலைத் திறக்கும் மேனேஜரின் மனதில் ஓடுவது வேறு. இவர் கையில் இருந்த வேலை இன்று என்ன ஆகும், யாரிடம் கேட்பது? இதற்குப் பதில் மெயிலிலேயே இருந்துவிட்டால் அவர் திரும்ப போன் செய்யத் தேவையில்லை, நீங்களும் நிம்மதியாகப் படுக்கலாம். அதனால் நோய்க்கு ஒரு வரி போதும். மீதி இடமெல்லாம் வேலைக்கு.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள். பெயர் கார்த்திக். கூட வேலை செய்பவர்கள் செந்தில், மாலதி. (பெயர்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான்.)

படி 1: இன்று கெட்டுப்போகும் வேலை எது?

உங்கள் கையில் ஐந்து வேலைகள் இருக்கின்றன. சப்ளையர்களுக்கான பேமெண்ட் பட்டியலைப் பகல் 12 மணிக்குள் பேங்க் தளத்தில் ஏற்ற வேண்டும். பிற்பகல் 3 மணிக்கு ஒரு வாடிக்கையாளருடன் பில் திருத்தம் பற்றிப் பேச வேண்டும். மாத அறிக்கை வெள்ளிக்கிழமைக்கு. பழைய பில்களை ஸ்கேன் செய்வது பாக்கி. புதிதாகச் சேர்ந்தவருக்குக் கணக்கு மென்பொருளைச் சொல்லித்தருவதாக ஏற்றிருக்கிறீர்கள்.

ஐந்தையும் மெயிலில் எழுதாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இன்று மாலைக்குள் இது நடக்காவிட்டால் வெளியிலிருந்து யாராவது போன் செய்து கேட்பார்களா? பணம் வரவில்லை என்று சப்ளையர் கேட்பார். மூன்று மணிக்கு வாடிக்கையாளர் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மற்ற மூன்றும் நாளை வரை காத்திருக்கும். ஆக, மெயிலில் வர வேண்டியவை இரண்டே வேலைகள். காய்ச்சலில் யோசிக்க முடியாது என்று நினைக்காதீர்கள், நேற்றைய குறிப்பைப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

படி 2: யார் பார்ப்பார்? முதலில் அவரைக் கேளுங்கள்

பலரும் சறுக்குவது இங்கேதான், நானும் சறுக்கியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் இப்படி ஒரு நாள், பக்கத்து மேஜைக்காரரின் பெயரை அவரிடம் கேட்காமலே மெயிலில் எழுதிவிட்டுத் தூங்கிவிட்டேன். அவரும் அன்று லீவு. மேனேஜர் மதியம் வரை வேலை நடப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். பெயரே எழுதாமல் விட்டிருந்தால்கூட அவர் காலையிலேயே வேறு ஏற்பாடு செய்திருப்பார். எழுதிய தவறான பெயர்தான் அவரை நிம்மதியாக இருக்க வைத்துவிட்டது.

அடுத்தது, நல்லவர், உதவுவார் என்பது மட்டும் போதாது. அந்த வேலையைச் செய்ய அவருக்கு அனுமதி இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் பேமெண்ட்டை ஒருவர் பதிவு செய்வார், வேறொருவர் சரிபார்த்து ஒப்புதல் கொடுப்பார். இரண்டையும் ஒரே ஆள் செய்யக் கூடாது என்பதுதான் அந்த ஏற்பாட்டின் நோக்கமே. தினமும் நீங்கள் பதிவு செய்கிறீர்கள், மாலதி ஒப்புதல் தருகிறார் என்றால், உங்கள் இடத்தில் மாலதியை நிறுத்த முடியாது. பதிவு செய்யும் உரிமை உள்ள செந்திலைத்தான் கேட்க வேண்டும்.

செந்திலுக்கும் அந்த உரிமை இல்லையென்றால்? உங்கள் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். அவர் செய்யும் ஒவ்வொரு பதிவும் உங்கள் பெயரில்தான் விழும், நாளைக்கு ஒரு தவறு என்றால் யார் செய்தது என்பதே தெரியாது. “செந்திலுக்கு இன்று பதிவு உரிமை தேவை” என்று மேனேஜருக்கு எழுதுங்கள். அதைக் கொடுப்பதா, வேறு ஆளைப் போடுவதா என்பது அவர் முடிவு.

கேட்பதற்கு நீண்ட செய்தி வேண்டாம். இப்படி ஒன்று போதும்:

“செந்தில், எனக்குக் கடுமையான காய்ச்சல், இன்று வரவில்லை. 12 மணிக்குள் சப்ளையர் பேமெண்ட் பட்டியலை ஏற்ற வேண்டும். பட்டியல் தயார், அரைமணி நேர வேலை. உங்களால் முடியுமா? மெயிலில் உங்கள் பெயரைப் போடலாமா?”

எவ்வளவு நேர வேலை என்று சொன்னால்தான் அவரால் சரி, இல்லை என்று உடனே சொல்ல முடியும். பத்து நிமிடத்தில் பதில் வராவிட்டால் போன் செய்யுங்கள். போனையும் எடுக்கவில்லையா? அதற்காக மெயிலை நிறுத்திவைக்க வேண்டாம். கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை என்பதையே எழுதி அனுப்பிவிடலாம். மேனேஜருக்கு அதுவும் பயனுள்ள தகவல்தான்.

படி 3: சப்ஜெக்ட் வரி

மேனேஜர் போனில் பார்க்கும்போது சப்ஜெக்ட் மட்டும்தான் கண்ணில் படும். “விடுப்பு விண்ணப்பம்” என்று மட்டும் எழுதினால் அது அடுத்த மாத லீவாகவும் இருக்கலாம் என்று அப்புறம் பார்த்துக்கொள்வார். நாளும், காரணமும், யார் பார்க்கிறார் என்பதும் அந்த ஒரு வரியிலேயே வரட்டும். “இன்று” என்ற சொல் முதலில் நிற்கட்டும், ஏனென்றால் போனில் வரியின் வால் வெட்டுப்பட்டுவிடும்.

படி 4: மெயில்

மேனேஜருக்கு அனுப்புங்கள், செந்திலையும் மாலதியையும் சிசியில் சேருங்கள். டீம் முழுவதையும் சேர்க்கத் தேவையில்லை.

> சப்ஜெக்ட்: இன்று (செவ்வாய்) உடல்நலமின்மையால் விடுப்பு, பேமெண்ட் வேலையைச் செந்தில் பார்க்கிறார்
>
> வணக்கம் மேடம்,
>
> காலையிலிருந்து கடுமையான காய்ச்சல், இன்று வேலைக்கு வர இயலவில்லை. இன்று ஒரு நாள் மருத்துவ விடுப்பு தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.
>
> இன்று முடிய வேண்டியவை இரண்டு.
>
> 1. சப்ளையர் பேமெண்ட் பட்டியல், பகல் 12 மணிக்குள். செந்தில் பதிவு செய்கிறார், 7.20-க்குப் போனில் பேசி உறுதி செய்துவிட்டேன். ஒப்புதல் வழக்கம்போல் மாலதி. பட்டியல் பொது ஃபோல்டரில் ‘பேமெண்ட்’ என்பதற்குள் இன்றைய தேதியில் இருக்கிறது. ஏழாவது வரியில் உள்ள சப்ளையரின் புதிய வங்கிக் கணக்கு எண்ணை இன்னும் சரிபார்க்கவில்லை. அதை மட்டும் இன்று நிறுத்திவைக்கும்படி செந்திலிடம் சொல்லியிருக்கிறேன்.
>
> 2. பில் திருத்தம் பற்றி வாடிக்கையாளருடன் பிற்பகல் 3 மணி அழைப்பு. மாலதியைக் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. 10 மணிக்குள் உறுதியாகாவிட்டால் வேறொருவர் பேசலாமா, நாளைக்கு மாற்றலாமா என்று நீங்கள் சொல்லுங்கள். வாடிக்கையாளரின் எண்ணும் பில்லின் நகலும் இந்த மெயிலுடன் இருக்கின்றன.
>
> மற்ற வேலைகள் நாளை வரை காத்திருக்கலாம். 11 மணிக்கு ஒரு முறை போனைப் பார்க்கிறேன். நாளை வர முடியுமா என்று இன்று மாலை 6 மணிக்குள் தெரிவிக்கிறேன்.
>
> இப்படிக்கு,
> கார்த்திக்

அந்த ஏழாவது வரியைக் கொஞ்சம் கவனியுங்கள். உங்கள் மனதில் மட்டும் இருக்கும் இந்த மாதிரி விஷயம்தான் நீங்கள் இல்லாத நாளில் ஆபத்து. கணக்கு எண் மாறிவிட்டது என்று மெயில் வந்தால், ஏற்கெனவே நம்மிடம் உள்ள எண்ணில் சப்ளையரைக் கூப்பிட்டு உறுதி செய்யாமல் பணம் அனுப்பக் கூடாது. மோசடிக்காரர்கள் அப்படி மெயில் அனுப்புவதுண்டு. செந்திலுக்கு அது தெரியாது. பட்டியலில் இருக்கிறது, ஏற்றிவிடலாம் என்றுதான் நினைப்பார். ஒப்படைக்கும் ஒவ்வொரு வேலையிலும் “இதில் எனக்கு மட்டும் தெரிந்தது என்ன?” என்று ஒரு நிமிடம் யோசித்து அந்த ஒரு வாக்கியத்தைச் சேருங்கள்.

“எப்போது வேண்டுமானாலும் போன் செய்யுங்கள்” என்றும் எழுதாதீர்கள். மாத்திரை போட்டுத் தூங்கிவிடுவீர்கள், அவர்களோ நீங்கள் எடுப்பீர்கள் என்று நம்பி நேரத்தை விட்டுவிடுவார்கள். 11 மணி என்று சொன்னதற்குக் காரணம், 12 மணிக் கெடுவுக்கு முன்னால் ஒரு மணி நேரம் கையில் இருக்கும். அந்த அளவுக்கும் முடியாது என்றால் “இன்று போனில் கிடைக்கமாட்டேன்” என்றே எழுதிவிடுங்கள். நோயாளி அப்படிச் சொல்வதில் தவறே இல்லை.

அதேபோல் “நாளை கட்டாயம் வந்துவிடுவேன்” என்ற வாக்கும் வேண்டாம், அது உங்கள் கையில் இல்லை. நாளைய நிலையை எப்போது சொல்வீர்கள் என்ற நேரத்தை மட்டும் கொடுங்கள். மருத்துவச் சான்று எத்தனை நாளுக்கு மேல் தேவை என்பது ஒவ்வொரு நிறுவனத்திலும் வேறு. அங்குள்ள விதியை ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: அனுப்பிய பிறகு

மெயிலை உடனே அனுப்புங்கள். ஆபீஸ் திறக்கும் நேரத்துக்குப் போகட்டும் என்று டைமர் வைத்தால் மேனேஜருக்குக் கிடைத்திருக்க வேண்டிய இரண்டு மணி நேரம் வீணாகும். அனுப்பியதும் அவருக்கு ஒரு வரிச் செய்தி: “மேடம், காய்ச்சல், இன்று லீவு. விவரம் மெயிலில் இருக்கிறது.” அவர் வண்டி ஓட்டிக்கொண்டு வரலாம், மெயிலைப் பத்து மணிக்குத்தான் திறக்கலாம். போனில் சொன்னால்தான் செல்லும் என்ற வழக்கம் உள்ள இடமென்றால் போனே செய்துவிடுங்கள். அப்போதும் மெயில் தேவை, ஏனென்றால் ஃபோல்டர் பெயரையும் ஏழாவது வரியையும் போனில் கேட்டு யாரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள்.

அப்புறம் தானியங்கிப் பதில். “இன்று விடுப்பில் இருக்கிறேன், பேமெண்ட் தொடர்பான அவசரத்துக்குச் செந்திலைத் தொடர்புகொள்ளுங்கள்” என்று இரண்டு வரி போதும். வெளியாட்களுக்கும் போகும் பதில் என்பதால் காய்ச்சல் பற்றி அதில் எழுத வேண்டாம்.

மெயில் எழுதவே தெம்பில்லை என்ற நாளும் வரும். அன்றைக்கு இது போதும்: “மேடம், உடம்பு சரியில்லை, இன்று வர முடியாது. 12 மணிக்குள் சப்ளையர் பேமெண்ட் போக வேண்டும், யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. ஏழாவது வரியை அனுப்ப வேண்டாம்.” வீட்டில் இருப்பவரிடம் சொல்லி உங்கள் போனிலிருந்து அனுப்பச் சொன்னாலும் சரிதான்.

மாலை ஆறு மணிக்குச் சொன்னபடி எழுதும்போது புது மெயில் தொடங்காமல் காலையில் அனுப்பியதற்கே ‘ரிப்ளை ஆல்’ கொடுத்து எழுதுங்கள். செந்திலும் மாலதியும் ஏற்கெனவே சிசியில் இருப்பதால் நாளைக்கும் வேலையைத் தொடர வேண்டுமா, உங்களிடம் திருப்பித் தர வேண்டுமா என்பது அவர்களுக்கும் அப்போதே தெரிந்துவிடும்.