நோயாளியைப் பார்த்துக்கொண்டே புடவைக்கு ஃபால்ஸ் தைக்கலாம்

படுக்கையில் இருக்கும் மாமியாரையோ அப்பாவையோ முழுநேரமும் கவனிப்பவர்கள் வீட்டிலிருந்தே கொஞ்சம் சம்பாதிக்க நினைத்தால், நடுவில் போட்டுவிட்டு எழுந்து ஓடக்கூடிய வேலைதான் ஒத்துவரும். டியூஷன் மாதிரி நேரம் கொடுத்துச் செய்கிற வேலையெல்லாம் சரிப்படாது. ஃபால்ஸ் தைப்பதைப் பாதியில் நிறுத்தினாலும் எதுவும் கெடாது.

ஃபால்ஸ் துணியை முதலில் தண்ணீரில் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். நனைக்காமல் தைத்தால் முதல் சலவையிலேயே துணி சுருங்கி, புடவையின் ஓரம் சுருக்கம் சுருக்கமாக இழுத்துக்கொள்ளும். கீழ் ஓரத்தை மெஷினில் அடித்துவிட்டு, மேல் ஓரத்தைக் கையால் ஹெம்மிங் செய்யுங்கள். புடவையில் ஓரிரு இழைகளை மட்டும் ஊசி பிடித்தால் வெளிப்பக்கம் தையல் தெரியாது.

மெஷின் வேலைக்கு உட்கார்ந்த இடத்தை விட்டு நகர முடியாது, சத்தமும் உண்டு. அதனால் நோயாளி விழித்திருக்கும் ஒரு காலை வேளையில், வேறு யாராவது பக்கத்தில் இருக்கும்போது, நாலைந்து புடவைகளுக்குச் சேர்த்து அடித்து வைத்துவிடுங்கள். கை ஹெம்மிங்கைக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தே கொஞ்சம் கொஞ்சமாக முடிக்கலாம்.

ஒரு நாளில் முடியும் புடவைக்கு நாலு நாள் கேளுங்கள். திடீரென்று ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தாலும் வாக்கு தவறாது. நாளைக்கே கல்யாணம் என்று வருபவர்களைப் பக்கத்து டெய்லரிடம் அனுப்பிவிடுங்கள், அவரும் பதிலுக்கு வேலை அனுப்புவார். கூலியையும் அவரிடமே விசாரித்து, புடவைக்கு இவ்வளவு என்று சொல்லிவிடுங்கள்.

நோயாளிக்கு மறதி நோய் இருந்தால் ஊசி, கத்தரிக்கோலை மூடி போட்ட டப்பாவில் வைத்து, எழும்போது கையோடு எடுத்துப் போங்கள். பட்டுப்புடவையை அந்த அறைக்கே கொண்டுபோகாதீர்கள். மருந்துக் கறை பட்டால் கூலியை விடப் புடவை விலை அதிகம்.