ரேட்டிங் குறைந்துவிட்டதா? தேதியோடு பேசுங்கள்

அப்ரைசலில் 4 எதிர்பார்த்து 3 வந்தால், மேனேஜரிடம் "எவ்வளவு உழைத்தேன் தெரியுமா" என்று ஆரம்பிக்காதீர்கள். ரேட்டிங் போடும்போது பெரும்பாலும் கடைசி இரண்டு மூன்று மாதங்கள்தான் அவர் நினைவில் நிற்கும். ஜூனில் நீங்கள் முடித்தது மார்ச்சில் மறந்தே போயிருக்கும். அதனால் ஆண்டுத் தொடக்கத்தில் ஒப்புக்கொண்ட இலக்கை எடுத்து, பக்கத்தில் தேதியையும் ஆதாரத்தையும் எழுதுங்கள்.

"இலக்கு: மாத அறிக்கை 5 நாளுக்குள். ஜூன் முதல் 3 நாளில் தருகிறேன். கிளையண்ட் இதைக் குறிப்பிட்டு எழுதிய மெயில்: ஜூலை 4." இப்படி மூன்று வரி போதும், பத்து அடுக்கினால் படிக்க மாட்டார். சறுக்கிய இடம் இருந்தால் அதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். பக்கத்து சீட்டுக்காரரின் ரேட்டிங்கை மட்டும் இழுக்காதீர்கள், பேச்சு அங்கேயே திசைமாறும்.

அப்புறம் கேளுங்கள்: "4-க்கான வரையறையில் எனக்கு எது குறைந்தது?"

பல நிறுவனங்களில் டீம்களை ஒப்பிட்டுப் பார்த்து ரேட்டிங்கைப் பூட்டிவிடுவார்கள். அதன்பின் மேனேஜரே நினைத்தாலும் மாற்றுவது கஷ்டம். ஆகவே சிஸ்டத்தில் 'ஏற்கிறேன்' என்று அழுத்தும் முன், ஓரிரு நாளிலேயே நேரம் கேட்டுவிடுங்கள். மாறவில்லையா, சரி, பேசியதைச் சுருக்கமாக அவருக்கே மெயிலில் அனுப்பி வையுங்கள்.