நெய்வேலி பெரிய ஊரா, பண்ருட்டி பெரிய ஊரா? மைய இடக் கோட்பாட்டில் சறுக்கும் இடங்கள்

வால்டர் கிறிஸ்டாலர் 1933-ல் தென் ஜெர்மனி ஊர்களை ஆராய்ந்து எழுதிய கோட்பாடு இது. பெட்டிக்கடை எல்லா ஊரிலும் இருக்கிறது, நகைக்கடை சில ஊர்களில்தான் இருக்கிறது, பெரிய சிறப்பு மருத்துவமனை ஒன்றிரண்டு ஊர்களில் மட்டும் இருக்கிறது. இது ஏன் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. பாடமாகப் படிக்கும்போது எளிதாகத் தெரியும். கடலூர் மாவட்ட வரைபடத்தை விரித்துவைத்துப் பொருத்திப் பார்த்தால்தான் தவறுகள் வெளியே வரும்.

மக்கள்தொகையை வைத்து ஊர்களை வரிசைப்படுத்துவது பலரும் முதலில் செய்யும் தவறு. 2011 கணக்கெடுப்பில் நெய்வேலியில் ஏறக்குறைய 1.05 லட்சம் பேர், பண்ருட்டியில் 60 ஆயிரம் பேர். அப்படியென்றால் நெய்வேலி மேல்நிலை மையம், பண்ருட்டி கீழ்நிலை மையம் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் நெய்வேலி நிலக்கரிக்காக எழுந்த நகரியம். மண்ணுக்கடியில் பழுப்பு நிலக்கரி இருந்ததால்தான் அங்கே ஆட்கள் குடியேறினார்கள், சுற்றுக் கிராமங்களுக்குச் சாமான் விற்பதற்காக அல்ல. பண்ருட்டியின் கதை வேறு. பலா, முந்திரியோடு கிராமத்துக்காரர்கள் அங்கே வருகிறார்கள். திரும்பும்போது துணி, மருந்து, மோட்டார் உதிரிபாகம் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

கிறிஸ்டாலரே இந்தப் பொறியைத் தெரிந்துவைத்திருந்தார். ஊரின் மையத்தன்மையை அளக்க அவர் எண்ணியது தொலைபேசி இணைப்புகளை. சுற்றுவட்டாரத்தின் சராசரியை வைத்துப் பார்த்தால் ஓர் ஊரின் சொந்த மக்களுக்கு எத்தனை இணைப்பு இருக்க வேண்டும் என்று கணக்கிடுவார். உண்மையில் இருப்பதிலிருந்து அதைக் கழிப்பார். மிஞ்சுவதுதான் வெளியூர்க்காரர்களுக்காக அந்த ஊர் செய்யும் வேலை. இன்றைக்குச் செல்பேசி யுகத்தில் அந்தக் கணக்கு செல்லாது. ஆனால் மிச்சத்தைப் பார் என்ற யோசனைக்கு வயசாகவில்லை. மருந்துக்கடைகளை எண்ணிக்கூடச் செய்து பார்க்கலாம்.

அதே குழப்பம் இன்னொரு உருவத்திலும் வரும். ஒரு சேவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஆட்களை ஊருக்குள்ளேயே தேடுவார்கள். ஓர் எம்.ஆர்.ஐ. இயந்திரம் கட்டுப்படியாக ஆண்டுக்கு 3,000 ஸ்கேன் வேண்டும், 100 பேரில் ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரு ஸ்கேன் தேவைப்படும் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 3 லட்சம் பேர் தேவை. 2011-ல் கடலூர் நகரிலேயே 1.73 லட்சம் பேர்தான். பாக்கிப் பேர் நெல்லிக்குப்பம், பண்ருட்டி, கடலோரக் கிராமங்களிலிருந்து பேருந்தில் வர வேண்டும். அவர்கள் எவ்வளவு தூரம் வரத் தயார் என்பது தனிக் கேள்வி. அதற்கு வீச்சு என்று பெயர். தேவையான ஆட்கள் வீச்சுக்குள் சிக்காவிட்டால் நிரந்தரக் கடை நிற்காது. அந்த இடத்தில்தான் வாரச்சந்தை பிறக்கிறது: வாடிக்கையாளர் வராத தூரத்துக்கு வியாபாரியே போகிறார்.

சரி, அதிகம் பேரை வீழ்த்தும் இடத்துக்கு வருவோம். ஒரு பெரிய ஊரின் சந்தைப் பரப்புக்குள் அடுத்த கீழ்நிலைப் பரப்புகள் எத்தனை அடங்கும் என்பதைக் குறிக்கும் எண்தான் k. கடைகளுக்கான சந்தை நியதியில் k = 3 என்றதும், ஒரு பெரிய ஊருக்குக் கீழே மூன்று ஊர், அதற்குக் கீழே ஒன்பது என்று எழுதிவிடுகிறார்கள். 1, 3, 9, 27 என்பது சந்தைப் பரப்புகளின் எண்ணிக்கை. ஊர்களின் எண்ணிக்கை 1, 2, 6, 18 என்று போகும். காரணம், பெரிய ஊர் சின்ன ஊரின் வேலையையும் சேர்த்தே செய்கிறது. கடலூரில் நகைக்கடை இருப்பதால் பெட்டிக்கடை இல்லாமல் போய்விடாதே! அடுத்த நிலைச் சேவைக்கு மூன்று மையம் வேண்டுமென்றால் ஒன்று ஏற்கெனவே இருக்கும் பெரிய ஊர், புதிதாகச் சேர்வது இரண்டுதான்.

அந்த இரண்டு எங்கிருந்து வருகிறது? கிறிஸ்டாலர் ஒவ்வொரு பெரிய ஊரின் சந்தைப் பரப்பையும் அறுகோணமாக வரைந்தார். அந்த அறுகோணத்தின் ஆறு மூலைகளில் ஆறு சின்ன ஊர்கள். ஒவ்வொன்றும் மூன்று பெரிய ஊர்களுக்குச் சம தூரத்தில் இருப்பதால், அதன் வாடிக்கை மூன்றாகப் பிரியும். ஆறு மூன்றில் ஒரு பங்குகள் சேர்ந்தால் இரண்டு. பண்ருட்டியில் இதன் சாயலைப் பார்க்கலாம்: கிழக்கே கடலூர், வடக்கே விழுப்புரம், இரண்டும் ஏறக்குறைய 25 கி.மீ. கல்யாணத் துணி எடுக்க ஒரு குடும்பம் இங்கே போகும், அடுத்த வீடு அங்கே போகும்.

ஆனால் ஆட்சியரிடம் மனு கொடுக்க அப்படிப் பிரிந்து போக முடியாது. பண்ருட்டிக்காரர் கடலூருக்குத்தான் வந்தாக வேண்டும். அதனால் நிர்வாக நியதியில் ஆறு ஊர்களும் முழுசாக ஒரே மையத்துக்குச் சேரும்; பெரிய ஊரையும் சேர்த்து k = 7. பாகூரைப் பாருங்கள். கடைத்தெருவுக்குக் கடலூர்தான் பக்கம், ஆனால் அது புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் என்பதால் அரசாங்கக் காரியம் புதுச்சேரியில். மருத்துவத்துக்கு வந்தால் திசை மாறுகிறது: கடலூர்க்காரர்கள் எல்லையைத் தாண்டி ஜிப்மருக்குப் போகிறார்கள். ஒரே வரைபடத்தில் ஒரே k மதிப்பைப் போட்டு எல்லாச் சேவைக்கும் கோடு இழுத்தால், பாகூர் எந்த அறுகோணத்திலும் ஒழுங்காக உட்காராது.