கையில் இருக்கும் ஷேருக்கு கவர்டு கால், புரொடெக்டிவ் புட்: எக்ஸ்பைரி அன்று என்ன கிடைக்கும்?

உங்கள் டீமேட்டில் ஒரு கம்பெனியின் 500 ஷேர் இருக்கிறது, இன்றைய விலை 1,000 ரூபாய், ஆப்ஷன் லாட்டும் 500 என்று வைத்துக்கொள்வோம். இவை கணக்குக்காக நான் எடுத்த எண்கள். உங்கள் ஷேரின் லாட் அளவை முதலில் என்எஸ்இ தளத்தில் பாருங்கள். 300 ஷேரை வைத்துக்கொண்டு 500 ஷேருக்கான காலை, அதாவது குறித்த விலையில் ஷேரை வாங்கும் உரிமையை, விற்றால், மீதி 200 வெறும் கால்தான். விலை ஏற ஏற அதில் நஷ்டமும் ஏறும்.

அடுத்து, வாங்கிய விலையை மறந்துவிடுங்கள். 600க்கு வாங்கியிருந்தாலும் இன்று விற்றால் 1,000 கிடைக்கும். கணக்கு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான். பழைய விலை வரிக்கு மட்டும் தேவைப்படும்.

இப்போது 1,050 ஸ்ட்ரைக் காலை, அதாவது குறித்த விலை 1,050 ஆக உள்ள காலை, 20 ரூபாய்க்கு விற்கிறீர்கள். 500 ஷேருக்கு 10,000 ரூபாய் கைக்கு வரும். இதுதான் கவர்டு கால். இதற்குப் பதிலாக 950 ஸ்ட்ரைக் புட்டை, அதாவது ஷேரை 950க்கு விற்கும் உரிமையை, 18 ரூபாய்க்கு வாங்கினால் 9,000 ரூபாய் செலவு. அது புரொடெக்டிவ் புட். எக்ஸ்பைரி விலையை S என்று எழுதினால், ஒரு ஷேருக்குக் கடைசியில் நிற்கும் மதிப்பு இது:

```
கவர்டு கால்       = min(S, 1050) + 20
புரொடெக்டிவ் புட் = max(S, 950) - 18
```

ஒரு தாளில் 850, 1,000, 1,150 என்று மூன்று விலைகளை எழுதிப் போட்டுப் பாருங்கள். கால் விற்றவருக்கு முறையே 870, 1,020, 1,070 வரும். புட் வாங்கியவருக்கு 932, 982, 1,132.

850 வரிசையில் கொஞ்சம் நில்லுங்கள். கால் விற்றவர் ஷேருக்கு 130 ரூபாய் இழக்கிறார். பிரீமியம் தாங்கியது 20 ரூபாயை மட்டும்தான். கவர்டு காலைப் 'பாதுகாப்பு' என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். விலை 980க்குக் கீழே போனதுமே நஷ்டம் தொடங்கிவிடும். புட் வாங்கியவரின் நஷ்டமோ 68 ரூபாயோடு நின்றுவிடுகிறது. ஆனால் அவர் லாபம் பார்க்க விலை 1,018ஐத் தாண்ட வேண்டும். விலை அசையாமல் இருந்தாலும் 18 ரூபாய் போனது போனதுதான். தரகும் வரியும் இதில் சேரவில்லை.

கடைசியாக எக்ஸ்பைரி நாள். இந்தியாவில் தனி ஷேர் ஆப்ஷன்கள் 2019 அக்டோபரிலிருந்து ஷேரைக் கொடுத்து வாங்கியே தீர்க்கப்படுகின்றன. முடிவு விலை 1,050க்கு மேல் என்றால் உங்கள் 500 ஷேர் தலா 1,050 ரூபாய்க்குக் கைமாறிவிடும். 950க்குக் கீழே என்றால் புட் வழியாக 950க்குப் போய்விடும். ஷேரை அடமானம் வைத்து மார்ஜின் எடுத்திருந்தால், அதை விடுவிக்கும் நாளையும் கணக்கில் வையுங்கள். எக்ஸ்பைரிக்கு முன்னால் யாரும் ஷேரைக் கேட்க முடியாது. அதனால் ஷேர் உங்களிடமே இருக்க வேண்டுமென்றால், அதற்குள் விற்ற காலைத் திரும்ப வாங்கியோ, வாங்கிய புட்டை விற்றோ கணக்கை முடித்துவிடுங்கள்.