லண்டன் வழியா பாரிஸ் போகிறீர்களா? டிரான்சிட் விசா வேண்டுமா என்று கண்டுபிடிக்கும் வழி

எங்கள் பெரியப்பா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பிரான்ஸ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர். பெரியம்மாவிடம் இருப்பது இந்திய பாஸ்போர்ட். புதுச்சேரியில் இப்படி ஒரே வீட்டில் இரண்டு பாஸ்போர்ட் இருப்பது சாதாரணம். பாரிஸில் பேத்தி பிறந்திருந்தாள். பிரான்ஸ், ஜெர்மனி போன்ற பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா பெரியம்மாவுக்கு மூன்று மாதத்துக்கு முறையாகக் கிடைத்துவிட்டது. சென்னையிலிருந்து லண்டன் வழியாக ஒரே டிக்கெட்டாகப் போட்டார்கள். ஈசிஆர் வழியாக மூன்று மணி நேரம் காரில் போய், மீனம்பாக்கத்தில் கவுன்ட்டரில் நின்றால், பெரியப்பாவுக்கு போர்டிங் பாஸ் வந்துவிட்டது. பெரியம்மாவுக்கு இல்லை. "லண்டன் டிரான்சிட் விசா எங்கே அம்மா?" என்று கேட்டார்கள். நடுவில் விமானம் மாறுவதற்கான விசா அது. விடிவதற்குள் இருவரும் வீடு திரும்பினார்கள்.

டிக்கெட் போட்டவர் அவர்களிடம் சொன்னது: "நீங்க ஏர்போர்ட்டை விட்டு வெளியே போகப் போறதில்லையே, அப்புறம் விசா எதுக்கு?" பாதிப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். இதில் இரண்டு தனிக் கேள்விகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்போம்.

படி 1: நீங்கள் குடிநுழைவைத் தாண்ட வேண்டி வருமா?

இடையில் இறங்கும் விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரியின் மேசைக்கு இந்தப் பக்கமே இருந்து, பாதுகாப்புச் சோதனை மட்டும் முடித்து அடுத்த விமானம் ஏறினால், அதற்கு ஏர்சைடு டிரான்சிட் என்று பெயர். மேசையைத் தாண்டினால் லேண்ட்சைடு. அது அந்த நாட்டுக்குள் நுழைவதுதான். பெட்டியை எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாலும் நுழைவுதான்.

உங்கள் விருப்பம் இதை முடிவு செய்வதில்லை, டிக்கெட்தான் முடிவு செய்கிறது. டிக்கெட்டை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். முழுப் பயணமும் ஒரே PNR எண்ணில் இருக்கிறதா? மலிவாகக் கிடைக்கிறது என்று சென்னை–லண்டன் ஒன்று, லண்டன்–பாரிஸ் ஒன்று என்று தனித்தனியாக வாங்கியிருந்தால், பெரும்பாலும் லண்டனில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். பெட்டி வரும் இடம் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதேபோல இறங்கும் விமான நிலையமும் ஏறும் விமான நிலையமும் வேறாக இருந்தாலும் லேண்ட்சைடுதான். டிக்கெட்டில் இறங்கும் இடம் LHR, ஏறும் இடம் LGW என்று இருந்தால், அது ஹீத்ரோவிலிருந்து கேட்விக்குப் பேருந்தில் போகும் பயணம். ஊர் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், மூன்றெழுத்தைப் பாருங்கள்.

பெட்டி எதுவரை போகும் என்பதை முன்பே விமான நிறுவனத்திடம் கேட்டுவிடலாம். செக்-இன்னில் பெட்டியில் ஒட்டும் சீட்டில் கடைசி ஊரின் குறியீடு, இங்கே CDG, இருக்க வேண்டும். ஆனால் சீட்டைப் பார்க்கும் நேரத்தில் தெரிந்துகொண்டால் தாமதம்.

ஷெங்கன் நாடுகளுக்குள் இன்னொரு விஷயம் உண்டு. சென்னை–பிராங்க்பர்ட்–பாரிஸ் என்று போனால், பிராங்க்பர்ட்டிலேயே குடிநுழைவு முடிந்துவிடும். பிராங்க்பர்ட்–பாரிஸ் அவர்களுக்கு உள்ளூர் விமானம் மாதிரி. பெரியம்மாவின் ஷெங்கன் விசா அங்கேயே செல்லும், தனி டிரான்சிட் விசா தேவையில்லை. ஆனால் விசா தொடங்கும் தேதி பிராங்க்பர்ட்டில் இறங்கும் நாளுக்கு முன்போ அன்றோ இருக்க வேண்டும். கனடா போகிறவர் பிராங்க்பர்ட்டில் ஒன்று, பாரிஸில் ஒன்று என்று இரண்டு ஷெங்கன் நிலையங்களில் மாறினால், டிரான்சிட் விசா போதாது, முழு ஷெங்கன் விசாவே வேண்டும்.

படி 2: ஏர்சைடிலேயே இருந்தாலும் அந்த நாடு உங்கள் பாஸ்போர்ட்டிடம் விசா கேட்கிறதா?

பெரியம்மா மாட்டிக்கொண்டது இங்கேதான். ஒரே PNR, பெட்டி நேராக பாரிஸுக்கு, எல்லாம் சரி. ஆனால் பிரிட்டன் சில நாடுகளின் பாஸ்போர்ட்டுகளுக்கு, மேசையைத் தாண்டாவிட்டாலும் விசா கேட்கிறது. அதன் பெயர் டைரக்ட் ஏர்சைடு டிரான்சிட் விசா. அந்தப் பட்டியலில் இந்தியா உண்டு.

பெரியப்பாவின் கதை வேறு. பிரான்ஸ்காரர்கள் பிரிட்டனுக்குள் நுழைய 2025 ஏப்ரல் முதல் ETA என்ற மின் அனுமதி வேண்டும். ஹீத்ரோவில் மேசையைத் தாண்டாமல் மாறினால் அதுவும் வேண்டாம். ஒரே வரிசை, ஒரே விமானம், ஆனாலும் அவருக்கு ஒன்றும் தேவையில்லை. அதனால் குடும்பமாகப் போகும்போது ஒவ்வொரு பாஸ்போர்ட்டுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். "நாங்க எல்லாரும் சேர்ந்து போறோம்" என்பது அங்கே கணக்கில்லை.

எல்லா ஊரும் லண்டன் மாதிரி இல்லை. தோஹா, துபாய், அபுதாபியில் ஒரே டிக்கெட்டில் உள்ளேயே மாறும் இந்தியருக்கு விசா கேட்பதில்லை. அமெரிக்காவில் ஏர்சைடு என்பதே கிடையாது. இரண்டு மணி நேர இடைவெளி என்றாலும் குடிநுழைவைத் தாண்டித்தான் ஆக வேண்டும், விசா கட்டாயம்.

படி 3: பாஸ்போர்ட்டில் ஏற்கெனவே இருக்கும் விசா உங்களைக் காப்பாற்றுமா?

பிரிட்டன் விதிவிலக்கு தருகிறது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து விசா செல்லுபடியாக இருந்தால் ஏர்சைடு விசா வேண்டாம். பிரான்ஸில் குடியிருப்பவர்களின் குடியிருப்பு அட்டையும், D வகை என்ற நீண்டகால விசாவும் செல்லும்.

பெரியம்மாவின் விசா C வகை, அதாவது குறுகியகால விசா. இது அந்தப் பட்டியலில் இல்லை. "ஐரோப்பா விசாவே இருக்கு, நடுவுல லண்டன்தானே" என்று நினைப்பது இயல்புதான், ஆனால் பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவில் வகை என்ற இடத்தில் என்ன எழுத்து இருக்கிறது என்று டிக்கெட் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

படி 4: உறுதி செய்துகொள்ளுங்கள்

பிரிட்டனுக்கு gov.uk/check-uk-visa என்ற பக்கம் இருக்கிறது. பாஸ்போர்ட் நாடு, பயண நோக்கத்தில் டிரான்சிட், கடைசியாகக் குடிநுழைவைத் தாண்டுவீர்களா என்ற கேள்வி. படி 1இல் கண்ட விடையை அந்தக் கடைசிக் கேள்விக்குக் கொடுங்கள். மற்ற நாடுகளுக்கு அந்தந்த நாட்டின் அரசுத் தளத்தைப் பாருங்கள். கவுன்ட்டரில் இருப்பவர்கள் டைமேட்டிக் என்ற தரவுத்தளத்தைப் பார்த்துத்தான் ஏற்றவோ நிறுத்தவோ செய்கிறார்கள். அதே விவரத்தைப் பல விமான நிறுவனங்களின் தளத்தில் நாமும் பார்க்கலாம். ஆவணம் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் அபராதம் நிறுவனத்துக்கு, அதனால் கவுன்ட்டரில் கெஞ்சிப் பயனில்லை.

லண்டன் வழியேதான் போக வேண்டும் என்றால், இணையத்தில் விண்ணப்பித்து, மையத்துக்கு நேரில் போய் விரல்ரேகை கொடுத்து, சுமார் மூன்று வாரம் காத்திருக்கத் தயாராகுங்கள். பெரியம்மாவுக்கு அந்த அவகாசம் இல்லை. தோஹா வழியாக ஒரே PNRஇல் புது டிக்கெட் எடுத்தோம். ஒன்றும் கேட்காமல் ஏற்றினார்கள்.

திரும்பி வரும் பயணத்துக்கும் இதே மூன்று கேள்விகள் உண்டு. இன்னொன்று, விமானம் ரத்தாகி வேறு ஊர் வழியாக மாற்றிக் கொடுத்தால் விடையும் மாறிவிடும். பெரியம்மா கிளம்பும்போது அவர் போனில் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தோம்: "இந்திய பாஸ்போர்ட். C விசா. லண்டன் வழியாக மாற்றிப் போட வேண்டாம்."