லாக் கேபின் பிளாக் தட்டையாகப் படிய: பட்டை வரிசையும் இஸ்திரி போடும் திசையும்

லாக் கேபின் பிளாக் என்பது ஒரு நடுச் சதுரத்தைச் சுற்றித் துணிப் பட்டைகளை ஒவ்வொன்றாகத் தைத்துச் செய்யும் சதுரம்; இப்படிப் பல சதுரங்களை இணைத்தால் குயில்ட். இதில் முதல் சுற்று எல்லோருக்கும் நன்றாக வருகிறது. இரண்டாவது சுற்றும் பெரும்பாலும் தப்பிவிடும். மூன்றாவது சுற்று முடிந்து மேசையில் விரிக்கும்போதுதான் நடுப்பகுதி மேடாக எழும்பி நிற்கும், அல்லது ஓரம் பொரித்த அப்பளம் போல நெளியும். அதற்குப் பிறகு எவ்வளவு அழுத்தி இஸ்திரி போட்டாலும் அது படியாது. கோளாறு முதல் சுற்றிலேயே நுழைந்து, சுற்றுக்குச் சுற்று பெருகியிருக்கும்.

நான் தைப்பது காரைக்குடிக் கண்டாங்கியில். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற அதே சேலைதான். உடுத்தி உடுத்தி முந்தானை நைந்துபோன பழைய சேலைகளில் உடல்பகுதி இன்னும் உறுதியாகவே இருக்கும். இதற்கு அது போதும். கடையில் குயில்ட் வேலைக்கென்று விற்கும் மெல்லிய அச்சுத் துணியைவிட இது கனமானது. அதனால் வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்லும் அளவை அப்படியே பின்பற்றினால் பிளாக் சிறுத்துவிடுகிறது. இந்தப் பதிவில் அடர் நிறத்துக்கு அரக்கும், வெளிர் நிறத்துக்கு மஞ்சளும், நடுச் சதுரத்துக்குச் சிவப்பும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கரையைச் சேர்க்காதீர்கள். அதன் நெசவு உடல்பகுதியைவிட நெருக்கமானது. இரண்டும் ஒரே மாதிரி மடங்காது.

துணியைத் தயார் செய்தல்

துவைத்து, பழைய கஞ்சி முழுவதும் போன பிறகு, நீர்த்த அரிசிக் கஞ்சியில் முக்கிக் காயவைத்து, வெட்டுவதற்கு முன்பே இஸ்திரி போட்டுவிடுங்கள். கஞ்சி ஏறிய பட்டை கையில் இழுபடாது. அரக்கைத் துவைக்கும்போது ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள்; சாயம் ஒட்டினால் ஒட்டாத வரை அலச வேண்டும்.

பட்டைகளைச் சேலையின் நீளவாக்கில், பாவு ஓடும் திசையில் வெட்டுங்கள். பாவு நூல் தறியில் இழுத்துக் கட்டப்பட்டது என்பதால் குறைவாகவே நீளும். ஊடைவாக்கில் வெட்டிய பட்டை இஸ்திரிப் பெட்டியின் கீழேயே வளரும். கட்டம் நேராக ஓடுகிறதே என்று கட்டத்தை எண்ணி அகலம் குறிக்காதீர்கள். கைத்தறியில் எல்லாக் கட்டமும் ஒரே அகலமாக இருப்பதில்லை. ஒரு நூலை உருவி அந்தத் தடத்தை நேர்கோடாக வைத்துக்கொண்டு, எஃகு அளவுகோலால் அளந்து வெட்டுங்கள். வட்டக் கத்தி வைத்திருப்பவர்கள் அதைப் பயன்படுத்தலாம். நல்ல சாணை பிடித்த கத்தரிக்கோலே எனக்குப் பிடித்தது.

பட்டைகளின் நீளம்

நடுச் சதுரம் 2½ அங்குலம். பட்டைகள் எல்லாம் 1½ அங்குல அகலம். தையலுக்கு ¼ அங்குலம். மூன்று சுற்று, பன்னிரண்டு பட்டை.

மஞ்சள்: 2½, 3½, 4½, 5½, 6½, 7½ அங்குலம்.
அரக்கு: 3½, 4½, 5½, 6½, 7½, 8½ அங்குலம்.

மொத்தம் கூட்டினால் ஒரு பிளாக்குக்கு மஞ்சள் 30 அங்குலமும் அரக்கு 36 அங்குலமும் வரும். எல்லாவற்றையும் தைப்பதற்கு முன்பே இந்த நீளங்களுக்கு வெட்டி அடுக்கிவிடுங்கள். நீண்ட பட்டையை ஓரத்தில் வைத்துத் தைத்துக்கொண்டே போய், முடிந்த இடத்தில் நறுக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. வேகமானதுதான், ஆனால் தட்டையாகப் படியாததற்கு முதல் காரணம் அதுவே. இயந்திரத்தின் பற்கள் கீழே இருக்கும் துணியைச் சற்று அதிகமாக இழுக்கும். பட்டை கீழே இருந்தால் தேவைக்கு மேல் நீளம் உள்ளே போய்விடும்; அதுதான் ஓரத்தில் நெளியும். பட்டை மேலே இருந்து, கையும் அதை இழுத்துப் பிடித்தால், தேவையைவிடக் குறைவாகப் போகும். ஓரம் இறுகி நடு எழும்பும். ஆகவே நெளிந்தால் பட்டை நீளம், எழும்பினால் பட்டை குட்டை. கோளாறைக் கண்டுபிடிக்க இந்த ஒன்று போதும்.

வரிசை

முதல் மஞ்சளை (2½) நடுச் சதுரத்தின் வலப்பக்கத்தில் தையுங்கள். இரண்டாவது மஞ்சள் (3½) மேலே. முதல் அரக்கு (3½) இடப்பக்கம். இரண்டாவது அரக்கு (4½) கீழே. மறுபடியும் வலப்பக்கத்திலிருந்து 4½ மஞ்சள், மேலே 5½ மஞ்சள், இடப்பக்கம் 5½ அரக்கு, கீழே 6½ அரக்கு. மூன்றாம் சுற்றும் இப்படியே: 6½, 7½, 7½, 8½. இது இடஞ்சுழி. வலஞ்சுழியாகவும் தைக்கலாம், ஆனால் ஒரே குயில்ட்டில் இரண்டையும் கலக்கக் கூடாது. கலந்தால் நிறப் படிக்கட்டு பிளாக்குக்குப் பிளாக் மாறிப்போகும்.

நடுவில் எழுந்துபோய்த் திரும்பி வந்தால் அடுத்த பட்டை எந்தப் பக்கம் என்பது மறந்துபோகும். பிளாக்கின் நான்கு ஓரங்களையும் பாருங்கள். ஓர் ஓரத்தில் மட்டும் இரண்டு தையல் கோடுகள் வந்து முட்டும். இரண்டு ஓரங்களில் ஒன்று, கடைசியாகத் தைத்த ஓரத்தில் ஒன்றுமில்லை. இரண்டு முட்டும் ஓரம்தான் அடுத்த இடம். முதல் சுற்று முடிந்த பிறகு இந்த விதி எப்போதும் பொருந்தும்.

தையல்

முதலில் ஒரு சோதனை. 1½ அங்குலத் துண்டுகள் மூன்றை அடுத்தடுத்துத் தைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். மொத்தம் 3½ அங்குலமும், நடுத்துண்டு சரியாக 1 அங்குலமும் இருக்க வேண்டும். கண்டாங்கியில் பெரும்பாலும் குறையும். மடிப்பு திரும்பும் இடத்தில் நூலின் கனமே கொஞ்சம் துணியைத் தின்றுவிடுகிறது. ¼ அங்குலத்தைவிட ஒரு நூலிழையின் கனம் குறைத்துத் தைத்தால் சரியாகும். அந்த இடத்தில் ஊசித் தகட்டின் மேல் மாஸ்கிங் டேப்பைப் பல அடுக்காக ஒட்டி ஒரு வரம்பு கட்டிக்கொள்ளுங்கள்.

இதில் அலட்சியம் வேண்டாம். ஒரு தையலில் 1/16 அங்குலம் கூடினால் இரு பக்கத் துணியிலுமாக 1/8 அங்குலம் குறையும். பிளாக்கின் குறுக்கே ஆறு தையல்கள் இருக்கின்றன. கடைசியில் ¾ அங்குலம் காணாமல் போயிருக்கும்.

பட்டையைக் கீழேயும் பிளாக்கை மேலேயும் வைத்து, இரு முனையிலும் நடுவிலும் குண்டூசி குத்தித் தையுங்கள். பிளாக் மேலே இருந்தால் முட்டி வரும் தையல் மடிப்புகள் கண்ணுக்குத் தெரியும். இரண்டு மடிப்புகளில் ஒன்று இயந்திரத்தின் காலைப் பார்த்துப் படுத்திருக்கும். கால் அதன்மேல் ஏறும்போது அதைப் புரட்டிவிடும். புரண்ட மடிப்பு பின்னால் முறுக்கிக்கொண்டு, முன்பக்கத்தில் விரலால் தடவினால் கூழாங்கல் போலத் தட்டுப்படும். கால் தாண்டும்வரை ஒரு குண்டூசியின் முனையால் அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். மின்விசை இயந்திரத்தைவிட மிதி இயந்திரத்தை நான் விரும்புவது இந்த இடத்துக்காகவே. வேண்டிய நொடியில் ஒரே ஒரு தையலாக நகர்த்தலாம்.

இஸ்திரி

ஒவ்வொரு பட்டைக்குப் பிறகும் இஸ்திரி. நான்கு பட்டை சேர்த்துவிட்டுப் போடலாம் என்பது இங்கே நடக்காது, ஏனென்றால் அடுத்த பட்டை முந்தைய பட்டையின் மடிப்பைக் குறுக்கே கடந்து அப்படியே பூட்டிவிடுகிறது.

முதலில் திறக்காமல், தைத்தபடியே தையல் கோட்டின் மேல் பெட்டியை வைத்து எடுங்கள். நூல் துணிக்குள் இறங்கும். பிறகு புதிய பட்டை மேலே இருக்கும்படி பலகையில் வைத்து, பட்டையைப் புரட்டித் திறங்கள். தையல் மடிப்பு தானாகவே புதிய பட்டையின் அடியில், நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் படுக்கும். எல்லாப் பட்டைக்கும் இதே திசை, வெளிப்பக்கம் மட்டும். உள்பக்கமாகத் திருப்பினால் குறுகலான பழைய பட்டையின் அடியில் இரண்டு மடிப்புகள் எதிரெதிரே வந்து குவியும், அந்த இடம் தடித்துவிடும்.

பெட்டியைப் பட்டையின் நீளத்தில் ஓட்டாதீர்கள். வேட்டிக்கு இஸ்திரி போடும் கை வேறு, இது வேறு. நீளத்தில் ஓட்டினால் பட்டை வில்லாக வளையும். தையலுக்குக் குறுக்கே, பிளாக் பக்கத்திலிருந்து பட்டைப் பக்கமாக வைத்து, அழுத்தி, தூக்கி, நகர்த்தி மறுபடி வையுங்கள். நீராவி வேண்டாம்; கனமான சாதாரணப் பெட்டியே நல்லது. ஈரமும் சூடும் சேர்ந்தால் கைத்தறி நீண்டுவிடும். சூடு ஆறும்வரை பிளாக்கைப் பலகையிலேயே விட்டுவைத்து எடுங்கள்.

இனிதான் பலர் தவறவிடும் சோதனை. பட்டை முழுவதும் திறக்காமல், தையல் ஓரத்தில் மெல்லிய மடிப்பு ஒளிந்திருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது. முன்பக்கத்தில் தையல் கோட்டின்மேல் நகத்தை ஓட்டுங்கள். மடிப்பு இருந்தால் நகம் அதன் அடியில் நுழையும். தையலிலிருந்து பட்டையின் வெட்டு ஓரம்வரை அளந்தால் 1¼ அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் மறுபடி திறந்து அழுத்துங்கள். சுற்று முடியும்போது பிளாக்கையும் அளங்கள்: முதல் சுற்றில் 4½ அங்குலச் சதுரம், இரண்டில் 6½, மூன்றில் 8½. அளவு பிசகியிருந்தால் அந்தச் சுற்றையே பிரியுங்கள். அடுத்த பட்டையை இழுத்தோ சுருக்கியோ சமாளிக்க முயன்றால் மேடும் நெளிவும் அங்கிருந்துதான் பிறக்கும்.

பின்சேர்க்கை: மஞ்சளுக்கு அடியில் அரக்கு தெரிகிறது

தேவகோட்டையிலிருந்து எழுதிய ஒரு வாசகி, மடிப்பை வெளிப்பக்கம் திருப்பினால் மஞ்சள் பட்டைக்கு அடியில் அரக்கு நிழலாகத் தெரிகிறது என்று கேட்டிருந்தார். உண்மைதான். கீழ்ப்பக்க அரக்கின் முனையைத் தாண்டி வலப்பக்க மஞ்சளும், இடப்பக்க அரக்கின் முனையைத் தாண்டி மேல்பக்க மஞ்சளும் போகும் இடங்களில் இது வரும். அதற்காகத் திசையை மாற்ற வேண்டாம். தைத்த பிறகு, அடியில் இருக்கும் இரண்டு துணி ஓரங்களில் அரக்கை மட்டும் ஒரு நூலளவு குறைத்து நறுக்கிவிடுங்கள். மஞ்சளின் ஓரம் அதை மூடிக்கொள்ளும். ¼ அங்குலத்தில் பாதிக்கும் கீழே போகாதீர்கள். கைத்தறியின் நூல் பிரிந்துவிடும். மிகவும் நைந்த மஞ்சளாக இருந்தால் இதுவும் உதவாது, வேறு சேலையைத்தான் எடுக்க வேண்டும்.

பிளாக்குகளை ஒன்றோடொன்று இணைக்கும்போது மட்டும் வெளிப்பக்க விதி செல்லாது. முதல் வரிசையின் இணைப்புகளை வலப்பக்கமும் அடுத்த வரிசையின் இணைப்புகளை இடப்பக்கமும் திருப்பி இஸ்திரி போடுங்கள். வரிசைகளைச் சேர்க்கும்போது எதிரெதிர் மடிப்புகள் ஒன்றையொன்று முட்டி, நான்கு மூலைகளும் ஒரே புள்ளியில் வந்து சேரும்.